பிள்ளைகளின் ஓவியங்களைப் படமெடுக்க ஒப்புதல் கடிதம்: "எடிட் செய்யப்படும்" என்ற ஒரு வரி போதுமா?

கேள்வி: எங்கள் டியூஷன் சென்டரில் ஓவிய வகுப்பும் நடக்கிறது. பிள்ளைகள் வரைவதை மொபைலில் போட்டோ எடுத்து, கொஞ்சம் எடிட் செய்து, எங்கள் பக்கத்தில் போடவும், ஆண்டு இறுதியில் சிறு புத்தகமாக அச்சிடவும் எண்ணுகிறோம். பெற்றோருக்கு அனுப்பும் ஒப்புதல் கடிதத்தில் "தேவைப்பட்டால் படங்கள் எடிட் செய்யப்படும்" என்று ஒரு வரி எழுதினால் போதுமா? சென்ற ஆண்டு கேட்காமலே சில படங்களைப் போட்டுவிட்டோம். அவற்றுக்கும் சேர்த்து இதிலேயே அனுமதி வாங்கிவிடலாமா?

பதில்:

போதாது. "எடிட்" என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் இருக்கிறது. ஓரத்தில் தெரியும் மேசையை வெட்டிவிடுவதையும், மங்கிய வெளிச்சத்தைச் சரிசெய்வதையும் மனத்தில் வைத்து நீங்கள் அந்த வரியை எழுதுகிறீர்கள். பெற்றோரும் அப்படியே எண்ணிக் கையெழுத்திடுவார்கள். ஆறு மாதம் கழித்துப் புத்தகத்துக்குப் பக்கம் அமைக்கும் ஒருவர், பிள்ளை வரைந்த கோணல் வீட்டை நிமிர்த்தி, விடுபட்ட சன்னலை வரைந்து, வெளிறிய பச்சையை அடர்பச்சையாக்கிவிட்டு, இதற்கும் அந்த வரியே அனுமதி என்று சொன்னால், சொல்லளவில் அவரை மறுக்க முடியாது. ஆகவே புகைப்படத்தைத் திருத்துவது எங்கே முடிகிறது, ஓவியத்தை மாற்றுவது எங்கே தொடங்குகிறது என்ற எல்லையைக் கடிதமே சொல்லியாக வேண்டும். மற்றவை அதற்கு அடுத்தபடிதான்.

இது எனக்கு ஒரு பிள்ளையிடமிருந்து தெரிந்தது. ஒரு பயிற்சி மையத்தின் ஓவியத் தொகுப்புக்குப் படங்களைச் சேர்த்துக் கொடுக்கும் பொறுப்பில் இருந்தேன். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டைவிடப் பெரிதாகப் பாட்டியை வரைந்திருந்தாள். தாளின் மேல்விளிம்பை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு நீலப் பட்டை, அதுதான் வானம். கீழ்விளிம்பை ஒட்டிப் பச்சைக் கோடு, அது தரை. இரண்டுக்கும் நடுவே வெள்ளைத் தாள் அப்படியே இருந்தது. பக்கம் அமைத்தவர் நல்லெண்ணத்தோடு அந்த வெள்ளையை இளநீலத்தால் நிரப்பினார். பாட்டியின் ஒரு கையில் ஆறு விரல்கள் இருந்தன. ஒன்றை அழித்து ஐந்தாக்கினார். புத்தகம் வந்த நாளில் அந்தச் சிறுமி தன் பக்கத்தைக் கடந்து போய், கடைசித் தாள்வரை புரட்டிவிட்டு, "என் படத்தைப் போடவே இல்லையே" என்றாள். அவளுடைய தாய் கையெழுத்திட்டிருந்த கடிதத்தில் ஏறக்குறைய உங்கள் வரியேதான் இருந்தது.

ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் வானத்தை மேலே ஒரு பட்டையாகவும் தரையைக் கீழே ஒரு கோடாகவும் வரைவது மிக இயல்பானது. இடையில் உள்ள வெள்ளை அவர்களுக்குக் காற்று. அங்கேதான் நாம் நிற்கிறோம், பறவை பறக்கிறது. தனக்கு முக்கியமானவரைப் பெரிதாக வரைவதும், சுவரை ஊடுருவி உள்ளே இருக்கும் கட்டிலும் விளக்கும் தெரியும்படி வரைவதும் அதே வயதின் வழக்கங்கள்தாம். பெரியவர் கண்ணுக்குக் குறையாகத் தெரிவது பெரும்பாலும் பிள்ளையின் தீர்மானம். "தேவைப்பட்டால்" என்ற சொல் இங்கேதான் ஆபத்தாகிறது. யாருக்குத் தேவைப்பட்டால் என்பதை அது சொல்வதில்லை.

எல்லையைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அசல் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு திருத்தத்துக்குப் பிறகு திரையில் தெரிவது தாளுக்கு இன்னும் நெருங்கி வந்தால், நீங்கள் திருத்தியது புகைப்படத்தை. தாளிலிருந்து விலகிப் போனால், மாற்றியது ஓவியத்தை. கூரை விளக்கின் கீழ் எடுத்தால் வெள்ளைத் தாள் மஞ்சளாகவோ நீலம் பாய்ந்தோ விழும். கேமராவைச் சாய்த்துப் பிடித்தால் செவ்வகத் தாள் ஒருபக்கம் குறுகித் தெரியும். குனிந்து எடுப்பவரின் நிழல் குறுக்கே விழும். இவற்றைச் சரிசெய்வது, தாளைச் சுற்றித் தெரியும் மேசையை வெட்டுவது, அளவைச் சிறிதாக்குவது ஆகியவை முதல் வகை. கோட்டை நிமிர்த்துவது, நிறத்தை மாற்றுவது, இல்லாததைச் சேர்ப்பது, இருப்பதை அழிப்பது, ஓர் உருவத்தை மட்டும் வெட்டியெடுத்து வேறொரு பின்னணியில் ஒட்டுவது ஆகியவை இரண்டாம் வகை.

முதல் வகையிலும் அளவு மீறலாம். தாளை வெளுப்பாக்கவென்று வெளிச்சத்தைக் கூட்டும்போது முதலில் காணாமல் போவது இளமஞ்சளும் மெல்லிய பென்சில் கோடும்தான். மொபைலில் உள்ள ஸ்கேன் செயலிகளில் ஆவணங்களுக்கென்று ஓர் அமைப்பு இருக்கும். எழுத்தைக் கறுப்பாகவும் தாளை வெள்ளையாகவும் காட்டுவதற்காக உண்டாக்கப்பட்டது அது. மஞ்சள் கிரேயானால் வரைந்த சூரியனை அது தாளின் அழுக்கென்று கருதி வெளுத்துவிடும். நீர்வண்ணத்தின் மெல்லிய பூச்சும் அதோடு போகும். எடிட் செய்தவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனெனில் எஞ்சியிருக்கும் படம் பளிச்சென்று அழகாகத்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு படத்திலும் மிக வெளிறிய நிறம் எது என்று தாளில் பார்த்துக்கொண்டு, அது திரையிலும் இருக்கிறதா என்று சரிபாருங்கள். அதைவிட நல்லது, திருத்தத்துக்கே அதிகம் இடம்வைக்காமல் எடுப்பது. நேர்வெயில் படாத சன்னலோரத்தில், பகல் வெளிச்சத்தில், தாளைச் சமமாக வைத்து, கேமராவை அதற்கு இணையாகப் பிடித்து எடுத்தால் ஓரம் வெட்டுவதைத் தவிர வேறு வேலை பெரும்பாலும் இருக்காது.

இரண்டு வகைக்கும் நடுவே சில இருக்கின்றன. அவற்றைத்தான் கடிதத்தில் பெயர் சொல்லி எழுத வேண்டும். ஆசிரியர் சிவப்பு மையில் போட்ட 'சரி' குறியை நீக்கலாம் என்பது என் கருத்து, அது பிள்ளையின் கோடு அன்று. தாளின் மடிப்பு, கிழிசல், மறுபக்கத்திலிருந்து ஊறித் தெரியும் மை ஆகியவற்றைக் குறைக்கலாம். ஆனால் அழிப்பான் தேய்த்த தடத்தைத் தொடக் கூடாது, அது வரைந்த விதத்தின் பகுதி. மூலையில் எழுதிய பெயர்தான் சிக்கலானது. பாதுகாப்பை நினைத்தால் முழுப்பெயரை மறைப்பது சரி. ஆனால் சில பிள்ளைகள் பெயரைப் பூவும் கொடியுமாக அலங்கரித்து ஓவியத்தோடு இணைத்து வரைவார்கள். அதை மழுப்பினால் படமே கெட்டுவிடும். அத்தகைய படத்தைத் தனியாக எடுத்துவைத்து, பெயரோடு போடலாமா, போடாமல் விடலாமா என்று அந்தப் பெற்றோரிடம் கேட்பதே முறை.

மையத்தில் வரைந்தது, மையத்தின் தாள், மையத்தின் வண்ணம், ஆகவே படம் நமக்கும் சொந்தம் என்று சில பொறுப்பாளர்கள் எண்ணுவதைக் கண்டிருக்கிறேன். தாள் யாருடையது என்பது வேறு, படைப்பு யாருடையது என்பது வேறு. இலக்கிய, கலைப் படைப்புகளுக்கான பெர்ன் உடன்படிக்கை 1886-இல் உருவானது. அதில் சேர்ந்துள்ள நாடுகளில் பதிப்புரிமை கிடைக்க எந்தப் பதிவும் தேவையில்லை, வரைந்த கணத்திலேயே அது வரைந்தவருக்கு உண்டாகிறது. அதே உடன்படிக்கையின் 6bis பிரிவு, தன் படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும், தன் பெயருக்கு ஊறு விளைக்கும்படி அதைச் சிதைப்பதையோ மாற்றுவதையோ எதிர்க்கும் உரிமையையும் படைத்தவருக்குத் தருகிறது. விவரங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் படைத்தவர் சிறு வயதினர் என்பதற்காகப் படைப்பு மற்றவருக்குப் போய்விடுவதில்லை. பெற்றோர் பிள்ளையின் சார்பில் கையெழுத்திடுகிறார்கள், அவ்வளவே. குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை (1989) அதன் 12-ஆம் பிரிவில், தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லக்கூடிய பிள்ளையின் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தர வேண்டும் என்கிறது. அதனால்தான் கீழே தந்துள்ள கடிதத்தில் பிள்ளைக்கும் ஒரு வரி வைத்திருக்கிறேன்.

இதன் மறுபக்கம் ஒன்றையும் கவனியுங்கள். பிள்ளை வரைந்தது ஒரு கார்ட்டூன் பாத்திரத்தின் நகல் என்றால், அந்தப் பாத்திரத்தின் உரிமை பிள்ளையிடமும் இல்லை, பெற்றோரிடமும் இல்லை. பெற்றோர் ஒப்புதல் தந்தாலும் அத்தகைய படங்களை அச்சுப் புத்தகத்தில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

அடுத்தது படத்தில் என்ன இருக்கிறது என்பது. பிள்ளைகள் உள்ளதை உள்ளபடி வரைவார்கள். வீட்டு வாசலில் கதவு எண், வண்டியில் பதிவெண், சீருடையில் பள்ளியின் பெயர், சில வேளைகளில் அப்பா அம்மா சண்டையிடுவதும் ஒருவர் மருத்துவமனையில் படுத்திருப்பதும் வந்துவிடும். எண்களையும் பெயர்களையும் மறைக்க அனுமதி கேட்டுவிடலாம். குடும்பத்தின் அந்தரங்கம் தெரியும் படத்தை, பொது ஒப்புதல் இருந்தாலும், பெற்றோரிடம் தனியாகக் காட்டிக் கேட்காமல் வெளியிடாதீர்கள். படக்கோப்பின் உள்ளேயும் விவரம் இருக்கும். கேமராவில் இடக்குறிப்பு இயங்கிக்கொண்டிருந்தால் படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கோப்பிலேயே பதிந்துவிடும். எடுக்கும் முன்பே அமைப்பில் அதை நிறுத்திவிடுங்கள். கோப்புக்குப் பிள்ளையின் பெயரை வைக்காமல் வரிசை எண் வையுங்கள்.

ஒப்புதலை இணையப் பக்கத்துக்கும் புத்தகத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். ஏனெனில் இரண்டும் திரும்பப் பெறும் விதத்தில் ஒன்றல்ல. உங்கள் பக்கத்தில் போட்டதை நீக்கலாம். ஆனால் அதற்குள் பிறர் எடுத்துவைத்த நகலை நீங்கள் நீக்க முடியாது. அச்சான புத்தகத்தைத் திரும்ப வாங்கவே முடியாது. அச்சுக்குப் போகும் நாள்வரைதான் மனம் மாற இடமுண்டு. இதை மறைக்காமல் எழுதினால்தான் பெற்றோர் உண்மையில் எதற்கு ஒப்புகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். சேர்க்கைப் படிவத்தின் கடைசியில் இதை ஒட்டிவைக்காமல் தனித்தாளாக அனுப்புங்கள். சேர்க்கைக்காக வரிசையில் நிற்பவர் எதையும் படிக்காமல் கையெழுத்திடுவார். பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளாதீர்கள்.

கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் இவ்வாறு எழுதலாம். இடத்துக்கேற்ற விவரங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

"அன்புள்ள பெற்றோருக்கு,

ஓவிய வகுப்பில் உங்கள் பிள்ளை வரையும் ஓவியங்களைப் புகைப்படம் எடுத்துப் பயன்படுத்த உங்கள் அனுமதியைக் கேட்கிறோம். ஓவியத்தை மட்டுமே எடுப்போம். பிள்ளையின் முகம் படத்தில் வராது.

புகைப்படத்தில் நாங்கள் செய்யும் திருத்தங்கள் இவை மட்டுமே: தாளுக்கு வெளியே தெரிவதை வெட்டுதல், சாய்வையும் நிழலையும் நீக்குதல், நிறம் அசல் தாளில் உள்ளதுபோல் தெரியும்படி வெளிச்சத்தைச் சரிசெய்தல், அளவைக் குறைத்தல், ஆசிரியரின் குறிகளையும் தாளின் மடிப்பு, கிழிசல், ஊறிய மை ஆகியவற்றையும் நீக்குதல், முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண், வண்டி எண், பள்ளியின் பெயர் ஆகியவற்றை மறைத்தல். பிள்ளை போட்ட கோட்டையோ நிறத்தையோ மாற்ற மாட்டோம். மேலே சொன்னவற்றைத் தவிர எதையும் சேர்க்கவோ அழிக்கவோ மாட்டோம். படத்தின் ஒரு பகுதியை வெட்டி வேறொன்றோடு இணைக்க மாட்டோம். அப்படி ஏதேனும் செய்ய விரும்பினால், செய்யும் முன் அந்தப் படத்தைக் காட்டித் தனியாகக் கேட்போம்.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 'ஆம்' அல்லது 'இல்லை' என்று எழுதுங்கள். மையத்தின் இணையப் பக்கத்தில் வெளியிட: ____. ஆண்டு இறுதிப் புத்தகத்தில் அச்சிட: ____. படத்தின் கீழ் பிள்ளையின் முதற்பெயரையும் வயதையும் மட்டும் குறிப்பிட: ____.

அனுமதி இந்தக் கல்வியாண்டுக்கு மட்டும். எப்போது வேண்டுமானாலும் ஒரு வரி எழுதியோ நேரில் சொல்லியோ திரும்பப் பெறலாம். இணையப் பக்கத்திலிருந்து மூன்று நாளுக்குள் நீக்கிவிடுவோம். அதற்குள் பிறர் எடுத்த நகல்களை எங்களால் நீக்க இயலாது. ____ தேதிக்குப் பிறகு புத்தகம் அச்சுக்குப் போய்விடும். அதன்பின் அச்சான படத்தைத் திரும்பப் பெற இயலாது. அனுமதி தராவிட்டாலும் வகுப்பில் எந்த வேறுபாடும் இருக்காது. அசல் ஓவியம் உங்கள் பிள்ளையிடமே திரும்பத் தரப்படும்.

பெற்றோர் கையெழுத்து, தேதி: ____. பிள்ளை தன் கையால்: என் படத்தை மற்றவர்களுக்குக் காட்டலாம் / காட்ட வேண்டாம்."

கடைசி வரி குறித்து ஒரு சொல். பெற்றோர் 'ஆம்' என்றும் பிள்ளை 'வேண்டாம்' என்றும் எழுதினால், வேண்டாம் என்பதையே ஏற்றுக்கொள்ளுங்கள். தாயும் தந்தையும் முரண்பட்டாலும் அவ்வாறே. எழுத்து வாசிக்கச் சிரமப்படும் பெற்றோருக்குத் தாளைக் கொடுத்துவிடாமல் வாசித்துக் காட்டி, திருத்தும் முன்னும் பின்னும் உள்ள ஒரு படத்தை மொபைலில் காட்டுங்கள். கடிதத்தின் நீண்ட பத்தியைவிட அது விரைவாகப் புரியும்.

தாள்கள் திரும்பி வந்தபின் வேலை எப்படிப் போகும் என்பதற்கு, வகுப்பில் 24 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். 19 தாள்கள் வருகின்றன. 14 பேர் இரண்டுக்கும் ஆம், 3 பேர் புத்தகத்துக்கு மட்டும் ஆம், 2 பேர் இரண்டுக்கும் இல்லை, 5 பேரிடமிருந்து பதிலே இல்லை. அப்படியானால் இணையப் பக்கத்துக்குத் தகுதியானவை 14 பிள்ளைகளின் படங்கள், புத்தகத்துக்கு 17. பதில் தராத ஐவரையும் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் துரத்த வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வரிசை எண் கொடுத்து, எதற்கு ஆம் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, படங்களை எடுப்பவர், எடிட் செய்பவர், பதிவிடுபவர் மூவரும் அதைப் பார்த்தே வேலை செய்யட்டும். தவறு பெரும்பாலும் நேர்வது கடைசி ஆளிடம்தான். அவர் கையில் படம் இருக்கும், கடிதம் இருக்காது. எடுத்த படத்தின் மூலக்கோப்பைத் தொடாமல் வைத்து, நகலில் மட்டும் திருத்துங்கள். திருத்தம் அதிகமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். அச்சுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு பிள்ளையிடமும் அதனதன் பக்கத்தைக் காட்டிவிடுங்கள். பதினேழு பிள்ளைகள், ஒரு வகுப்பு நேரம் போதும்; மறைந்துபோன மஞ்சள் சூரியனை அவர்கள் உடனே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

சென்ற ஆண்டுப் படங்களை இந்தக் கடிதத்தில் சேர்க்காதீர்கள். இனி நடக்கப்போவதற்கான அனுமதியும், முன்பே நடந்துவிட்டதற்கான ஏற்பும் ஒரே கையெழுத்தில் வந்தால், பெற்றோர் எதற்கு ஒப்பினார்கள் என்பது குழம்பிவிடும். முதலில் அந்தப் படங்களை உங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அனுமதி வரும்வரை அவை வெளியே இருக்க வேண்டிய காரணம் எதுவுமில்லை. பிறகு அந்தந்தப் பெற்றோருக்கு மட்டும் தனித்தனியாக எழுதுங்கள்: இன்ன படத்தை இன்ன மாதத்தில் உங்களைக் கேட்காமல் வெளியிட்டோம், இன்னின்ன திருத்தம் செய்திருந்தோம், அது எங்கள் தவறு, இப்போது நீக்கிவிட்டோம், மீண்டும் வெளியிட உங்களுக்கும் பிள்ளைக்கும் சம்மதமா என்று. மூலக்கோப்பு உங்களிடம் இருந்தால் அதையும், வெளியிட்ட படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். மையத்தைவிட்டுப் போய்விட்ட பிள்ளைகளின் பெற்றோரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றால் அந்தப் படங்களைத் திரும்பப் போடாமலே விட்டுவிடுங்கள்.